தைரியசாலி என்றொரு சம்பளமில்லாத உத்தியோகம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் நான் பல வருடங்கள் வேலை பார்த்தேன். அங்கே எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதிகம் கேட்டது ‘தைரியசாலி’. லைனில் ஒருத்தி மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளித்து உட்கார வைப்பது நான். டார்கெட் முடியாத பெண்ணின் கட்டிலிருந்து பத்து ஜோடியை இழுத்துத் தைத்துக் கொடுப்பது நான். வேன் டிரைவரோடு சண்டை போடுவதும் நான்தான். வீட்டில் இன்னொரு பதிப்பு ஓடியது. அப்பாவின் கண் ஆபரேஷன், தம்பி மனைவியின் பிரசவம், மாமனாரின் காலில் ஆறாத சர்க்கரைப் புண் எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தது நானே.

இந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பட்டத்தின் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டும். சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு கேட்டால், “இன்னாம்மா, நீயே லீவு கேட்டா எப்படி? நீ இருக்குற தைரியத்துலதான லைனே ஓடுது” என்பார். கேட்கும்போது உச்சி குளிரும். அரை நாள் லீவு கிடைக்காது. ஓவர்டைம் காசு கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு பாராட்டைக் கொடுத்து அனுப்புவதற்குப் பெயர் மரியாதை அல்ல, கூலிப் பிடித்தம். வீட்டிலும் இதே கணக்குதான். “அவளுக்கென்ன, எதையும் தாங்குவா” என்று சொல்லிவிட்டால், தாங்க வேண்டிய மற்ற நான்கு பேருக்கு அன்றைக்கு விடுமுறை.

எங்கள் தோல் பட்டறை ஊர்களில் இந்தச் சொல்லுக்கு ஒரு சாதி வாசனையும் உண்டு. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். சுண்ணாம்புக் குழியிலும் ஷூ லைனிலும் நிற்கிற எங்கள் பெண்களைப் பார்த்து, “உழைக்கிற உடம்பு, தாங்கும்” என்று படித்தவர்களே கூசாமல் சொல்வார்கள். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம், இந்த உடம்புக்கு வலி மாத்திரை கொஞ்சம் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பதுதான். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கும் இதே பட்டம் உண்டு. ‘எதையும் தாங்கும் சூப்பர் உமன்’ என்ற கட்டுக்கதையை மிஷேல் வாலஸ் 1979-இல் ஒரு புத்தகத்தில் பிரித்து மேய்ந்தார். யாரிடம் அதிகம் பிடுங்குகிறார்களோ, அவளுக்குத்தான் ‘வலிமையானவள்’ என்ற பெயர் முதலில் வந்து சேர்கிறது.

‘உதவி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று இப்போது எல்லோரும் பெண்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். அது ஏதோ கூச்ச சுபாவம் போலவும், ஒரு நாள் பயிற்சி முகாமில் சரியாகிவிடும் போலவும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் லைனில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னால், கேட்காமல் இருப்பதன் விலை எங்கே, எப்படி வசூலிக்கப்படுகிறது என்று புரியும்.

எனக்கு இரண்டு மெஷின் தள்ளி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னை அக்கா என்பாள். தினக்கூலி. ஒரு வருடம் மார்ச் கடைசியில் அவள் மாமியாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த அம்மாவுக்கு மூன்று மகன்கள், குடியாத்தத்தில் ஒரு மகள். யாரும் யாரிடமும் எதையும் பேசவில்லை. “அண்ணி இருக்காங்க, பாத்துக்குவாங்க” என்று கொழுந்தன்மார் சொன்னதோடு விஷயம் முடிந்தது. ஏப்ரல் 1 முதல் ஜூலை 4 வரை, 95 நாள், அவள் வேலைக்கு வரவில்லை. துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் ஒருத்தியே. ஜூலை 5 அன்று திரும்பி வந்தாள். இடையில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போன நாட்கள் போக, செப்டம்பர் 30 வரை அவளுக்குச் சம்பளம் விழுந்த நாட்கள் 71.

இந்த 71 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

இ.எஸ்.ஐ.-க்கு மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடிப்பார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். உடம்பு சரியில்லாமல் படுத்தால், மருந்து மாத்திரை மட்டுமல்ல, வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதமும் அதிலிருந்து கிடைக்கும். வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை கொடுக்கும் ஜன்னல் என்றுதான் தெரியும். படுத்த நாளுக்குக் காசு உண்டு என்பது தெரியாது. தெரிந்தவர்களும், “அதுக்கு அலையுறதுக்கு ஒரு நாள் வேலைக்குப் போயிடலாம்” என்பார்கள்.

அந்தக் காசு கிடைக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. வருடத்தை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பாதி, அக்டோபர் முதல் மார்ச் வரை மறு பாதி. ஒவ்வொரு பாதியிலும் குறைந்தது 78 நாட்களுக்கு நமக்குச் சம்பளம் விழுந்து, பிடித்தம் கட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் பாதியில் 78 நாள் இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உடம்புக்கு வந்தால் காசு உண்டு. இரண்டாம் பாதியில் 78 இருந்தால், அதற்கடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் உண்டு. அதாவது இன்றைக்கு எத்தனை நாள் வேலைக்குப் போகிறோம் என்பது, சில மாதம் கழித்து வரப்போகிற நோய்க்குக் காப்பா இல்லையா என்று இப்போதே முடிவு செய்துவிடுகிறது.

அடுத்த பிப்ரவரியில் அவளுக்கு இடுப்பில் டிஸ்க் விலகியது. பத்தடி நடக்க முடியவில்லை. மாமியாரைத் தூக்கித் தூக்கி வைத்த இடுப்பு. டாக்டர் மூன்று வாரம் படுக்கச் சொன்னார். கிளை அலுவலகத்தில் கணக்கைப் பார்த்தார்கள். 71 நாள்தான், தகுதி இல்லை. அவள் தினக்கூலியை 400 என்று வைத்துக்கொண்டால் நோய்க்காலக் காசு ஒரு நாளைக்கு 280. முதல் 2 நாளுக்குக் கிடையாது என்பது விதி. மீதி 19 நாளுக்கு 5,320 ரூபாய். அது வரவில்லை. ஐந்தாம் நாள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மெஷினில் வந்து உட்கார்ந்தாள். வாரத் தவணைக் குழுவில் ஒரு கடனும் ஏறியது.

குறைந்தது 7 நாள். அந்த 95 நாளில் 7 நாளை வேறு யாராவது எடுத்திருந்தால் போதும். பெற்ற மகன்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டரை நாள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இவள் இடுப்புக்கு 5,320 ரூபாய் வந்திருக்கும். ‘எனக்கு உதவி வேண்டும்’ என்பது எங்கள் ஊரில் இவ்வளவு சின்ன எண். வாழ்நாள் தியாகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஏழு நாள். அதைக்கூடக் கேட்க முடியாதபடி அவள் வாயில் போட்ட பூட்டுதான் ‘தைரியசாலி’.

அவள் குணத்தில் கோளாறு இல்லை, சட்டத்தின் கணக்கில்தான் கோளாறு. வாதம் வந்தவரைத் திருப்பிப் படுக்க வைத்த 95 நாள் அதில் பூஜ்யம். கம்பெனியில் மேல்தோல் தைத்தால் நாள், வீட்டில் மாமியாருக்குப் புண் வராமல் பார்த்தால் நாள் இல்லை. பராமரிப்பு நாட்களையும் அந்த 78-இல் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் மேடையில் வைத்து நான் கேட்டதில்லை. சங்கக் கூட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு நடப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சட்டம் மாறும்வரை என்ன செய்வது? என் விஷயத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் சீட்டில், உடன் இருப்பவர் பெயர் என்று ஓர் இடம். “துணைக்கு யாரும்மா?” என்று நர்ஸ் கேட்டார். மற்றவர்களின் சீட்டில் அந்த இடத்தில் என் பெயரை எத்தனை முறை எழுதியிருக்கிறேன். என் சீட்டில் எழுத ஒரு பெயர் உடனே வரவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்ட முதல் விஷயம், பொதுவாகக் கேட்டால் எதுவும் கிடைக்காது என்பது. “எனக்கு முடியலப்பா” என்று வீட்டில் சொன்னேன். “உனக்கா முடியல?” என்று சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக உண்மையாகவே நினைத்தார்கள். எப்போதும் தாங்கியவளின் முனகல் யார் காதிலும் முனகலாக விழாது. அதனால் முனகுவதை விட்டுவிட்டு மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன்.

நம் சனங்களுக்குக் கேட்கத் தெரியாது என்று யார் சொன்னது? கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று முப்பது வருடத்து நோட்டு வைத்திருக்கிறோம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்றே ஒன்று நடத்தி, போட்ட மொய்யைத் திரும்ப வாங்குகிறார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த இரவுகளை மட்டும் யாரும் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. நான் எழுதினேன். எந்த வருடம், யாருக்கு, எத்தனை இரவு. ஒரு பக்கம் நிறைந்தது. எதிர்ப் பக்கம் காலி. அந்த எதிர்ப் பக்கத்தில் ஆட்களைப் பிரித்து எழுத ஆரம்பித்தேன்.

தம்பியிடம், “நீ வந்து பாத்துக்கோ” என்று சொல்லவில்லை. “செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை ஆறு வரைக்கும் ஆஸ்பத்திரியில் இரு, பெண்கள் வார்டுன்னா வெளியே பெஞ்சில் இரு, ரத்தமோ மருந்தோ வாங்கணும்னா நீ ஓடணும்” என்றேன். உள்ளே தங்க அவன் மனைவி. அவளுடைய பிரசவத்துக்கு நான் ஐந்து இரவு இருந்திருக்கிறேன், இரண்டு இரவு கேட்டேன். “சரிங்க அண்ணி” என்று உடனே சொன்னாள். என்றைக்கு, எத்தனை மணி, என்ன வேலை என்று மூன்றும் தெரிந்தால் ஆட்கள் பெரும்பாலும் வருகிறார்கள். ‘எப்ப வேணும்னாலும் கூப்பிடு’ என்பவர்கள்தான் வருவதில்லை. நாத்தனார் ஒருவர் மறுத்தார். அதையும் நோட்டில் எழுதி வைத்தேன். கேட்பது என்றால் மறுப்பையும் சேர்த்துத்தான் கேட்பது. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கேட்டால் அவர் மறுக்கும்போது நாம் விழுந்துவிடுவோம், ஐந்து பேரிடம் ஐந்து துண்டு கேட்டால் ஒரு துண்டுதான் போகும்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். இங்கேதான் பெண்கள் தோற்பது. பத்தாம் நாள் தையல் காய்ந்ததும் குடத்தைத் தூக்கிவிடுவோம். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தண்ணீர் பிடித்துவிட்டு மூன்றாம் நாள் காலியான குடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இ.எஸ்.ஐ. சட்டத்தை எடுத்துப் பேசினேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஆவது பிரிவில், நோய்க்காலக் காசு வாங்குகிறவர் சிகிச்சையில் இருக்க வேண்டும், தான் குணமாவதைக் கெடுக்கும் எதையும் செய்யக் கூடாது என்று இருந்தது. “குடம் தூக்கினா சட்டப்படி குத்தம், காசு நின்னுடும்” என்றேன். மனைவியின் வயிற்றுத் தையலுக்கு எழாத மனிதர் பிரிவு 64-க்கு எழுந்தார். சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஆறு வாரம் ஓட்டினேன். அவர் வைத்த ரசத்தில் உப்பு தூக்கல். ஒரு நாளும் திருத்தவில்லை. திருத்தினால் கரண்டி என் கைக்கு வந்துவிடும்.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். வெளி ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைக் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அது லீவு லெட்டர், அவ்வளவுதான். காசுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்று வேண்டும். அதனால் முதலிலேயே மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்தே மேல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது. படுத்ததும் முதல் சான்று, நீடித்தால் இடையில் ஒரு சான்று, வேலைக்குத் திரும்பலாம் என்று கடைசிச் சான்று. நடுவில் ஒரு சான்று விட்டுப்போனால் அந்த நாட்களுக்குக் காசு நிற்கும். இவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும், படுத்திருப்பவள் போக முடியாது. நோட்டில் அதற்கும் ஒரு வரி போட்டேன், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி போனாள். ஆதாரில் ஒரு பெயர், கம்பெனி ரெக்கார்டில் ஒரு பெயர், பேங்கில் ஒரு பெயர் என்று இருந்தால் காசு வழியிலேயே நின்றுவிடும். கல்யாணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிய பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே சரி செய்ய வேண்டியது அது. எனக்கு 42 நாள் சான்று. முதல் இரண்டு நாள் போக 40 நாளுக்கு, நானூறு ரூபாய்க் கூலியில் 11,200 வந்தது. அதை யாரும் எனக்குத் தர்மமாகக் கொடுக்கவில்லை. மாதம் எழுபது எண்பது ரூபாய் என்னிடமே பிடித்த காசுக்கு நான் செய்த மொய் விருந்து.

இவ்வளவும் கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர்ச் சந்துகளில் வாசற்படியில் உட்கார்ந்து ஊசியும் மெழுகு நூலுமாக ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிற பெண்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று ஏஜெண்ட் கொடுத்துவிட்டுப் போவார். காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது, பதிந்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, மகப்பேறுக்கு, விபத்துக்கு, இறப்புக்கு உதவி உண்டு. காய்ச்சலில் படுத்த மூன்று வாரத்துக்குக் கூலி கிடையாது. வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கை போட்டது. எண் 177. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. அந்தப் பெண்களிடம் போய் ‘உதவி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. யாரிடம் கேட்பது? கேட்கும் ஜன்னலே கட்டப்படவில்லை. அவர்களுக்கு இப்போதைக்கு இருப்பது பக்கத்து வாசற்படி மட்டும். ஒருத்தி படுத்தால் அவள் கட்டை மற்ற இரண்டு பேர் பிரித்துத் தைத்து, கூலியை அவள் பெயரிலேயே வாங்கி வைக்கிறார்கள். இதை நான் பல தெருக்களில் பார்த்திருக்கிறேன். இதற்கும் ‘தைரியசாலிகள்’ என்று ஒரு விழா எடுத்துவிடாதீர்கள். முதலாளியும் அரசும் போட வேண்டிய பங்கை அவர்கள் ஊசியால் போடுகிறார்கள்.

கம்பெனிக்குள் இருக்கும் தோழிகளுக்கு ஒன்று. இரண்டாம் பாதி மார்ச் 31-இல் முடிகிறது, முதல் பாதி செப்டம்பர் 30-இல். சம்பளச் சீட்டுகளை எடுத்து, இந்தப் பாதியில் உங்களுக்குச் சம்பளம் விழுந்த நாட்களைக் கூட்டுங்கள். வீட்டில் யாரோ படுத்திருந்து, கூட்டல் 60-இலோ 65-இலோ நின்றால், மீதி நாட்களை எண்ணிக்கொண்டு குடியாத்தத்து நாத்தனாருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். வரும் திங்கட்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை, காலை ஏழிலிருந்து மாலை ஆறரை வரை.